இரவில் எழுதிய மடல் காலையில் போகட்டும்



கோபத்தோடு எழுதிய கடிதத்தை அஞ்சல்பெட்டியில் போட வேண்டுமானால், முன்பெல்லாம் உறை தேட வேண்டும், தபால்தலை ஒட்ட வேண்டும், செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைவரை நடக்க வேண்டும். அதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடும். இறங்காவிட்டாலும் இரவு பத்தரை மணிக்குத் தபால் எடுக்க யாரும் வரமாட்டார்கள். மின்னஞ்சலில் இந்தத் தடைகள் எதுவும் கிடையாது. ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடுகிறது. ஜிமெயிலில் அனுப்பியதைத் தடுத்து நிறுத்தும் வசதி உண்டு என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் கிடைக்கும் நேரம் அதிகபட்சம் 30 விநாடிகள். பெருமூச்சு விடக்கூட அது போதாது. ஆகவே முன்பு அஞ்சல்துறை நமக்குத் தந்த அந்த ஓர் இரவை, இப்போது நாமே நமக்குத் தந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எனக்கு நேர்ந்த ஒரு நிகழ்வை இங்கே சொல்ல விரும்புகிறேன்.

நான் படித்த பள்ளியின் பொன்விழாவுக்கு மலர் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. 500 பிரதிகள். ஞாயிற்றுக்கிழமை விழா. புதன்கிழமை மாலை அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்து இறங்கின. ஒன்றைப் பிரித்துப் புரட்டினேன். 42ஆம் பக்கத்தில், எங்களுக்குத் தமிழ் கற்பித்து மறைந்துபோன ஆசிரியரின் படத்துக்குக் கீழே வேறொருவரின் பெயர் இருந்தது. அதற்கு முந்தைய 41ஆம் பக்கத்தில் இரண்டு படங்கள் இடம் மாறியிருந்தன. ஆசிரியரின் மனைவி விழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். முதல் பிரதியை அவர் கையில்தான் கொடுப்பதாக இருந்தோம்.

அன்றிரவு பத்தரை மணிக்கு அச்சக உரிமையாளருக்கு நான் எழுதிய வரைவு இது:

“உங்கள் அச்சகத்தின் பொறுப்பற்ற வேலையைப் பார்த்து அதிர்ந்துபோனேன். மூன்று முறை சொல்லியும் வழக்கம்போல உங்கள் இஷ்டத்துக்கே செய்திருக்கிறீர்கள். 41, 42ஆம் பக்கங்களை ஒருமுறையாவது பார்த்தீர்களா? இறந்தவர் படத்தின் கீழ் உயிரோடு இருப்பவர் பெயரைப் போடக்கூடாது என்பதுகூடத் தெரியாதா? சின்ன வேலைதானே என்ற அலட்சியம்தான் இதற்குக் காரணம். பணம் வாங்குவதில் காட்டிய அக்கறையை வேலையிலும் காட்டியிருக்கலாம். இனி எங்கள் பள்ளியின் எந்த வேலையும் உங்களுக்குக் கிடையாது.”

தலைப்பில் ‘பொறுப்பற்ற வேலை!!!’ என்று போட்டேன். விழாக்குழுவினர் பதினான்கு பேரின் முகவரிகளையும் நகல் பெறுவோர் வரிசையில் சேர்த்தேன். எழுதி முடித்தபோது, உண்மையைச் சொன்னால், மிகுந்த திருப்தியாக இருந்தது. எழுதியது அத்தனையும் நியாயம் என்றே பட்டது. அந்த நேரம் மின்சாரம் போனது, இணையமும் போனது. மடல் வரைவாகவே தங்கிவிட்டது. என் விவேகத்தால் அது தங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரவில் நமக்கு என்ன தெரிவதில்லை?

எழுதியவுடன் படித்தால் ஏன் நமக்குக் குறை தெரிவதில்லை? காரணம் எளியது. நாம் எழுதிய வரியைப் படிக்கும்போது நம் குரலும் சேர்ந்தே காதில் கேட்கிறது. எந்தச் சொல்லை வேதனையோடு சொன்னோம், எதை வெறும் கிண்டலாகச் சொன்னோம் என்பது நமக்குத் தெரியும். பெறுகிறவருக்கு அந்தக் குரல் கேட்பதில்லை. அவருக்குக் கிடைப்பது எழுத்துகள் மட்டுமே.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் தம் உடன் ஆய்வாளர்களோடு 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கிண்டலாகவோ மெய்யாகவோ சொல்லப்படும் சிறு வாக்கியங்களைச் சிலர் குரல் வழியாகவும், சிலர் மின்னஞ்சல் வழியாகவும் அனுப்பினார்கள். இரு சாராருமே, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எதிராளி சரியாகப் புரிந்துகொள்வார் என்று நம்பினார்கள். குரலில் கேட்டவர்கள் அந்த எதிர்பார்ப்புக்குப் பக்கத்தில் வந்தார்கள். மின்னஞ்சலில் படித்தவர்களோ, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் கிடைக்கும் பாதியைவிடச் சற்றே கூடுதலாகத்தான் சரியாகச் சொன்னார்கள். எழுதியவர்களின் நம்பிக்கைக்கும் நடந்ததற்கும் இருந்த அந்த இடைவெளியே நம் மடல்களிலும் சண்டையாக மாறுகிறது.

ஓர் இரவு கடந்தபின் நம் குரல் நம் காதிலிருந்து மெல்ல அகன்றுவிடுகிறது. காலையில் அதே மடலைத் திறக்கும்போது, எழுதியவராக அல்ல, ஏறக்குறைய பெறுகிறவராகவே நாம் அதைப் படிக்கிறோம். இரவைக் கடத்துவதன் முழுப் பயனும் இதில்தான் இருக்கிறது. கோபம் முற்றிலும் மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு மறையவும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மடலை உறங்கவிடுவது என்றால் அதைத் தொடாமல் விடுவது. படுக்கையில் கைப்பேசியை எடுத்து அந்த வரைவை நான்கு முறை திறந்து, இன்னும் ஒரு வரி சேர்த்து, இன்னும் ஒரு சொல்லைக் கூராக்கினால் அது ஓய்வு ஆகாது. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட சோதனையில், தம் கட்டுரையைக் கடுமையாக இழித்துப் பேசியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தவர்களே அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். கோபத்தைக் கொட்டிவிட்டால் அது தீர்ந்துவிடும் என்ற நம் பழைய எண்ணத்துக்கு இது நேர் எதிரானது. வரைவைத் திரும்பத் திரும்பத் திறப்பதும் அந்தப் பையைக் குத்துவது போன்றதே. எழுதுங்கள், மூடுங்கள், விடியும்வரை திறக்காதீர்கள்.

எழுதும்போதே ஒரு சிறு காவல் வைத்துக்கொள்வதும் நல்லது. வந்த மடலுக்குப் பதிலாக எழுதத் தொடங்கினால் முகவரி தானாகவே அமர்ந்துவிடும். கை தவறினால் மடல் போய்விடும். எனவே தனியாகப் புதிய மடல் ஒன்றைத் திறந்து, பெறுநர் இடத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள். முகவரி இல்லாத மடல் எங்கும் போகாது. முகவரியைக் காலையில், எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சேர்க்கலாம்.

பொழுது சாய்வதற்குள் சினம் தணிய வேண்டும் என்றல்லவா எபேசியருக்கு எழுதிய திருமுகத்தில் புனித பவுல் அறிவுறுத்துகிறார், நீங்கள் மடலை இரவு முழுவதும் வைத்திருக்கச் சொல்கிறீர்களே என்று சிலர் கேட்கக்கூடும். அவர் தணியச் சொன்னது சினத்தை. பொழுது சாய்வதற்குள் மடலை அனுப்பிவிடும்படி அவர் சொல்லவில்லை. இரவோடு இரவாகப் போகிற மடல், நம் சினத்தை அடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிவைக்கிறது, அவ்வளவுதான்.

காலையில் செய்ய வேண்டிய முதல் வேலை

மறுநாள் காலை மடலைத் திறந்தவுடன் சொற்களைத் திருத்தத்தான் எவருக்கும் கை போகும். அதற்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மடலில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இது நான் கண்டதா, நான் உணர்ந்ததா, நான் ஊகித்ததா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கண்டது என்றால் சான்றைத் தேடிச் சரிபார்க்க வேண்டும். உணர்ந்தது என்றால் என் உணர்வாகவே சொல்ல வேண்டும். ஊகித்தது என்றால் எடுத்துவிட வேண்டும்.

என் மடலை அப்படி வைத்துப் பார்த்தேன். ‘மூன்று முறை சொல்லியும்’ என்று எழுதியிருந்தேன். பழைய மடல்களைத் தேடிப் பார்த்தால் இரண்டு முறைதான் எழுதியிருக்கிறேன். அதிலும் ஒன்று வேறொரு பக்கத்தைப் பற்றியது. அடுத்து, நான் ஒப்புதல் கொடுத்த கடைசி மெய்ப்பைத் திறந்தேன். 42ஆம் பக்கத்தில் பெயர் சரியாகவே இருந்தது. ஆக, அது அச்சகத்தின் பிழை. என் கோபம் நியாயமானதே. ஆனால் 41ஆம் பக்கத்தில் படங்கள் அந்த மெய்ப்பிலேயே இடம் மாறித்தான் இருந்தன. நாங்கள் அனுப்பிய படங்களுக்கு நாங்களே பெயரை மாற்றி வைத்திருந்தோம். அதைப் பார்த்து ‘சரி’ என்று சொன்னதும் நான்தான்.

சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரவே அந்த மடல் போயிருந்தால், அவர் அந்த மெய்ப்பைப் பதினைந்து பேருக்கும் திருப்பி அனுப்பியிருப்பார். 42ஆம் பக்கத்தில் இருந்த என் நியாயம் 41ஆம் பக்கத்தில் கரைந்துபோயிருக்கும். ஆசிரியரின் பெயரைப் பற்றிப் பேச யாரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள்.

‘அலட்சியம்தான் காரணம்’ என்பது ஊகம். அவர் அறைக்குள்ளோ மனத்துக்குள்ளோ நான் இருந்து பார்க்கவில்லை. ‘பணம் வாங்குவதில் காட்டிய அக்கறை’ என்பதில் கண்டதும் இல்லை, உணர்ந்ததும் இல்லை. அது வெறும் அடி. இரண்டையும் எடுத்தேன். ஒருவருடைய செயலைப் பற்றிச் சொன்னால் அவர் விளக்கம் தரலாம், திருத்தலாம். அவருடைய நோக்கத்தைப் பற்றிச் சொன்னால் அவர் தம்மைக் காத்துக்கொள்ள மட்டுமே முடியும்.

சின்னச் சொற்களில் பெரிய முள்

அடுத்தது சொற்கள். நம் தமிழில் ஏசுவதற்கு வசைச்சொல்லே தேவையில்லை. ஓர் இடைச்சொல் போதும். ‘42ஆம் பக்கத்தைப் பார்த்தீர்களா’ என்பது கேள்வி. ‘ஒருமுறையாவது பார்த்தீர்களா’ என்பது குற்றச்சாட்டு. ‘இது தெரியாதா’ என்பதைவிட ‘இதுகூடத் தெரியாதா’ என்பது எவ்வளவு ஆழமாகத் தைக்கிறது! ‘சின்ன வேலைதானே’ என்பதில் வரும் ‘தானே’, அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் திணிக்கிறது. ‘வழக்கம்போல’, ‘எப்போதும்’, ‘ஒருநாளும்’ ஆகியவை ஒரு பிழையை அவருடைய வாழ்நாள் குணமாக்கிவிடுகின்றன. அவரோ, பிழையில்லாமல் செய்து தந்த ஒரு வேலையை நினைவூட்டினால் போதும், நம் வாக்கியம் பொய்யாகிவிடும்.

எனவே காலையில் படிக்கும்போது ‘ஆவது’, ‘கூட’, ‘தானே’, ‘வழக்கம்போல’ ஆகியவற்றை மட்டும் தேடிப் பாருங்கள். கோபத்தில் எழுதியபோது இவை தாமாகவே வந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை எடுத்தபின்பு பெரும்பாலும் வாக்கியம் குறைவதில்லை. முள் மட்டும் போகிறது. அதேபோல், பதில் எதிர்பார்க்காத கேள்விகளைச் செய்தியாக மாற்றுங்கள். ‘பார்த்தீர்களா?’ என்பது ‘பெயர் மாறியுள்ளது’ என்றாகட்டும். ஆச்சரியக்குறிகளில் ஒன்றைக்கூட விட்டுவைக்கத் தேவையில்லை.

பிறகு அழைப்பைப் பாருங்கள். இரவு எழுதிய மடலில் அழைப்பும் இல்லை, வணக்கமும் இல்லை. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நேரில் என்றால் ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவேன். நேரில் எப்படி அழைப்பேனோ அப்படியே மடலிலும் அழைப்பது முறை. ஆனால் வழக்கத்துக்கு மாறாக ‘மாண்புமிகு ஐயா அவர்களே’ என்று ஏற்றிச் சொன்னால், அதுவும் ஒரு குத்தல்தான். மரியாதை மிகுந்தால் நம்மவர்களுக்கு உடனே புரிந்துவிடும்.

ஒன்றைக் கேட்க வேண்டும்

என் இரவு மடலில் இருந்த மிகப்பெரிய குறை கடைசியில்தான் கண்ணில் பட்டது. அதில் நான் எதையும் கேட்கவே இல்லை. திட்டியிருக்கிறேன், மிரட்டியிருக்கிறேன்; ஞாயிற்றுக்கிழமைக்குள் என்ன செய்து தர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் படிப்பவர் என்ன செய்வார்? பதிலுக்குக் கோபப்படலாம், அல்லது பதில் போடாமலே இருக்கலாம். கோபத்தில் எழுதிய மடலை அடையாளம் காண இதைவிட எளிய சோதனை இல்லை. கடைசி வரியைப் பாருங்கள். அது வேண்டுகோளா, தீர்ப்பா? தீர்ப்பு என்றால் மடல் இன்னும் முடியவில்லை.

கடைசியாக நகல் வரிசை. பதினான்கு பேரில் பதின்மூன்று பேருக்கு இந்தப் பிழையைத் திருத்துவதில் எந்தப் பங்கும் இல்லை. அவர்களை நான் சேர்த்தது சாட்சிக்காக, அதாவது அவர் தலைகுனிவதைப் பார்ப்பதற்காக. பலர் முன்னிலையில் குற்றம் சாட்டப்பட்டவர் தவற்றை ஒப்புக்கொள்வது கடினம். செலவுக் கணக்கைப் பார்க்கும் ஒருவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்களை நீக்கினேன்.

வியாழன் காலை எட்டு மணிக்குப் போன மடல் இது. தலைப்பு: ‘பொன்விழா மலர், 42ஆம் பக்கத்தில் பெயர் மாறியுள்ளது, சனிக்கிழமைக்குள் திருத்தம் வேண்டும்’.

“ஐயா, வணக்கம். மலர்கள் 500ம் நேற்று மாலை வந்து சேர்ந்தன. 42ஆம் பக்கத்தில் மறைந்த தமிழாசிரியரின் படத்தின் கீழ் வேறொருவர் பெயர் அச்சாகியுள்ளது. நான் ஒப்புதல் தந்த மெய்ப்பில் அது சரியாக இருந்தது. அந்தப் பக்கத்தை இணைத்துள்ளேன். 41ஆம் பக்கத்தில் படங்கள் மாறியிருப்பது எங்கள் பிழை. ஞாயிறன்று ஆசிரியரின் துணைவியார் விழாவுக்கு வருகிறார். இந்தப் பக்கம் இப்படியே அவர் கைக்குப் போவதை நினைத்தால் எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது. 41, 42 ஆகிய இரு பக்கங்களும் ஒரே தாளின் இரு புறங்கள் என்பதால், அந்தத் தாளை மட்டும் மறுபடி அச்சிட்டு, சனிக்கிழமை மாலை 4 மணிக்குள் 500 பிரதிகளிலும் மாற்றித் தர முடியுமா? காகிதச் செலவை நாங்கள் ஏற்கிறோம். காலை 11 மணிக்கு உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறேன்.”

இதில் கோபம் இல்லை என்று சொல்ல முடியாது. ‘வேதனையாக இருக்கிறது’ என்ற வரியில் அது அப்படியே இருக்கிறது. நான் எதையும் பூசி மெழுகவும் இல்லை. பெயர் மாறியது அவர்கள் பிழை என்பதற்குச் சான்றும் இணைத்திருக்கிறேன். காலையில் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவார்கள். ‘சிறு விஷயம்தான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்’ என்று எழுதி, சொல்ல வந்ததையே அழித்துவிடுவார்கள். அதுவும் தவறே. ஆசிரியரின் பெயர் சிறு விஷயம் அல்ல.

நான் 11 மணிக்கு அழைப்பதற்கு முன்பே அவர் அழைத்துவிட்டார். திருத்தத்துக்கு முந்தைய கோப்பைத் தவறுதலாகத் திறந்து அச்சுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். சனிக்கிழமை பழைய தாளை வெட்டி எடுத்து, புதியதை ஒட்டித் தந்தார்கள். சில பிரதிகளில் ஒட்டிய தடம் தெரிந்தது. மறுநாள் ஆசிரியரின் துணைவியார் அந்தப் பக்கத்தைப் பிரித்து, தம் கணவரின் பெயர்மீது விரலை வைத்தபடி சற்று நேரம் நின்றார்.

காத்திருக்கக் கூடாத வேளை

எல்லா மடலும் இரவைக் கடக்க வேண்டும் என்பதில்லை. ஒருவருடைய பாதுகாப்போ உடல்நலமோ ஆபத்தில் இருந்தால் உடனே தொலைபேசியில் அழைக்க வேண்டும். கெடு அன்றே முடிகிறது என்றால், ‘உங்கள் மடல் கிடைத்தது, நாளை பகலுக்குள் விரிவாக எழுதுகிறேன்’ என்ற ஒற்றை வரியை அனுப்பிவிட்டு மீதியைக் காலைக்கு விடலாம். வாரக்கணக்கில் வைத்திருப்பதும் பயன் தராது. எனக்கு இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் தாளை மாற்ற நேரமே இருந்திருக்காது. ஓர் இரவு போதும்.

காலையில் படித்தபின், இந்த மடலே தேவையில்லை என்று தோன்றுவதும் உண்டு. ஆபிரகாம் லிங்கன் 1863 ஜூலை 14 அன்று தளபதி மீடுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினார். கெட்டிஸ்பர்க் போரில் வென்றபின்பு, லீயின் படையைத் தப்பவிட்டுவிட்டாரே என்ற பெரும் வருத்தம் அவருக்கு. வருத்தத்தை முழுவதும் எழுதினார். ஆனால் அனுப்பவில்லை. அனுப்பவும் இல்லை, கையெழுத்திடவும் இல்லை என்று உறையின்மீது குறித்து வைத்தார். மீடு 1865இல் போர் முடியும்வரை அந்தப் படையின் தளபதியாகவே இருந்தார்.

என் இரவு வரைவை நானும் இன்னும் அழிக்கவில்லை. பெறுநர் இல்லாமல் வரைவுகளுக்கு நடுவே அது கிடக்கிறது. அடுத்த முறை கோபத்தில் எழுத உட்காரும்போது, முதலில் அதைத் திறந்து, 41ஆம் பக்கத்தை நினைத்துக்கொள்கிறேன்.